ஐம்பது–முப்பது–இருபதா, பூஜ்ஜிய பட்ஜெட்டா? வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டும் வீட்டுக்கு எது பொருந்தும்?

(சங்கத்தின் ஜூலை மாதக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணக்குப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் என்பதால் செயலாளர் இந்தத் தலைப்பை என்னிடம் கொடுத்தார். நம் குடியிருப்பில் சொந்த வீட்டுக்காரர்களும் இருக்கிறோம், வாடகைக்கு இருப்பவர்களும் இருக்கிறோம். இன்றைய பேச்சு முக்கியமாக வாடகை வீட்டில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணமும் கட்டும் குடும்பங்களுக்கு. மற்றவர்களுக்குக் கடைசியில் இரண்டு வார்த்தை சொல்கிறேன்.

இப்போது ஜூலை. ஜூனில் கட்டணம், புத்தகம், சீருடை, ஷூ எல்லாம் கட்டி முடித்திருப்பீர்கள். சில வீடுகளில் அதற்காக நகை பேங்குக்குப் போயிருக்கும். அடுத்த ஜூனில் அது போகாமல் இருக்க வேண்டும். எந்த பட்ஜெட் முறை அதற்கு உதவும் என்பதுதான் இன்றைய கேள்வி.

இரண்டு முறைகளும் எங்கிருந்து வந்தன

ஐம்பது–முப்பது–இருபது விதி உங்களில் பலருக்குத் தெரியும். கைக்கு வரும் வருமானத்தில் பாதி அவசியச் செலவுக்கு, முப்பது சதவீதம் விருப்பச் செலவுக்கு, இருபது சதவீதம் சேமிப்புக்கும் கடன் அடைக்கவும். அமெரிக்காவில் எலிசபெத் வாரனும் அவருடைய மகள் அமீலியா வாரன் தியாகியும் சேர்ந்து 2005இல் எழுதிய ஒரு புத்தகம்தான் இதைப் பரவலாக்கியது. வாரன் அப்போது ஹார்வர்டில் சட்டப் பேராசிரியர். குடும்பங்கள் ஏன் திவாலாகின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. பின்னாளில் அவர் செனட்டர் ஆனார்.

பூஜ்ஜிய பட்ஜெட் ஒரு கம்பெனியில் பிறந்தது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் பீட்டர் பைர் என்பவர் அதை நடைமுறைப்படுத்தி, 1970இல் அதைப் பற்றி எழுதினார். ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியா ஆளுநராக இருந்தபோது தன் மாநிலத்தில் கொண்டுவந்தார். ஜனாதிபதி ஆனபிறகு அமெரிக்க மத்திய அரசுக்கும் கொண்டுபோனார். நம் மத்திய அரசும் 1980களில் இதை முயன்று பார்த்தது.

இதன் கருத்து எளிது. நம் சங்கத்திலேயே பாருங்கள். பராமரிப்புக் கட்டணத்தை எப்படி நிர்ணயிக்கிறோம்? போன வருடக் கணக்கை எடுத்து, அதன் மேல் பத்து சதவீதம் போடுகிறோம். பூஜ்ஜிய பட்ஜெட்டில் போன வருடம் என்ற ஒன்று கிடையாது. செக்யூரிட்டிக்கு எவ்வளவு, ஏன்? ஜெனரேட்டர் டீசலுக்கு எவ்வளவு, ஏன்? ஒவ்வொன்றும் பூஜ்ஜியத்திலிருந்து தன்னை நியாயப்படுத்த வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் சேர்ந்துகொண்டது. மாதச் சம்பளம் வந்தவுடன் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு வேலை கொடுத்துவிடுவது. வருமானத்திலிருந்து ஒதுக்கீடுகளைக் கழித்தால் பூஜ்ஜியம் வரவேண்டும். கையில் ஒன்றும் மிஞ்சக்கூடாது என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். சேமிப்பும் ஒரு ஒதுக்கீடுதான். பெயர் இல்லாத பணம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஒரு வீட்டுக் கணக்கு

இனி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இது உதாரணத்துக்காக நான் அமைத்த கணக்கு. உங்கள் தொகைகளை இதில் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். கைக்கு வரும் சம்பளம் 60,000 ரூபாய். பி.எஃப். பிடித்தம் 4,000.

முதல் விஷயம் இந்தப் பி.எஃப். அது நம் பணம், சேமிப்புதான். சதவீதம் பார்க்கும்போது வருமானத்தில் அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும், சேமிப்பிலும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் சேமிப்பே இல்லாத குடும்பம் போலக் கணக்கு காட்டும். ஆகவே வருமானம் 64,000. விதிப்படி அவசியத்துக்கு 32,000, விருப்பத்துக்கு 19,200, சேமிப்புக்கு 12,800.

அவசியச் செலவுகளை மாதக் கணக்கில் எழுதுவோம்.

வாடகை 15,000
பராமரிப்புக் கட்டணம் 1,500
பள்ளிக் கட்டணம் (வருடம் 1,20,000) 10,000
ஸ்கூல் வேன் (மாதம் 2,400, பத்து மாதம்) 2,000
மளிகை, பால், காய்கறி 12,000
கரண்ட், கேஸ் 2,000
போன், இன்டர்நெட் 1,500
பெட்ரோல் 2,500
மருந்து 1,000
மருத்துவக் காப்பீடு, ஆயுள் காப்பீடு (வருடம் 30,000) 2,500

மொத்தம் 50,000. இது 64,000இல் 78 சதவீதம். ஐம்பது எங்கே, 78 எங்கே?

இதில் ஆடம்பரம் என்று எதையாவது காட்ட முடியுமா? வாடகை, பராமரிப்பு, பள்ளி, வேன் ஆகிய நான்கை மட்டும் கூட்டினால் 28,500. விதி கொடுக்கும் 32,000இல் மீதி 3,500தான். அந்த 3,500இல் அரிசி, பால், கரண்ட், பெட்ரோல், மருந்து, காப்பீடு எல்லாம் அடங்க வேண்டும். நான்கு பேர் இருக்கும் வீட்டில் அது நடக்காது.

ஐம்பது ஏன் இங்கே உடைகிறது

இந்தக் குடும்பம் தவறாகச் செலவழிப்பதால் விதி உடையவில்லை. அந்த விதி பிறந்த ஊரில் பள்ளிச் செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது.

அமெரிக்காவில் பெரும்பாலான பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். கட்டணம் கிடையாது. அந்தப் பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பங்கு அந்தந்தப் பகுதியின் வீட்டு வரியிலிருந்து வருகிறது. நல்ல பள்ளி வேண்டுமென்றால் நல்ல பள்ளி இருக்கும் பகுதியில் வீடு வாங்க வேண்டும். ஆக அங்கே பள்ளிச் செலவு வீட்டு விலைக்குள் இருக்கிறது. இதே தாயும் மகளும் 2003இல் எழுதிய முந்தைய புத்தகம் இதைத்தான் சொல்கிறது: நல்ல பள்ளிக்காக விலை கூடிய வீட்டை வாங்கி நடுத்தரக் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

நாம் இரண்டையும் தனித்தனியாகக் கட்டுகிறோம். பள்ளிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வாடகையும் கூடக் கொடுக்கிறோம், பள்ளிக்கும் தனியாகக் கட்டுகிறோம். அங்கே ஒரு செலவுக்காக வெட்டிய ஐம்பதில் நாம் இரண்டை நுழைக்கப் பார்க்கிறோம்.

இதில் ஆபத்து எங்கே வருகிறது என்றால், விதியின் நடு எண்ணில். முப்பது சதவீதம் விருப்பத்துக்கு என்று படித்தவுடன் 19,200 வரை செலவழிக்கலாம் என்று மனசு சொல்லும். இந்தக் குடும்பத்தில் அவசியம் போக மிஞ்சுவதே 14,000. அதிலும் 4,000 பி.எஃப்.க்குப் போய்விட்டது. கையில் இருப்பது 10,000.

இன்னொரு குறையும் உண்டு. விதி மாதக் கணக்கில் யோசிக்கிறது. பள்ளி மாதக் கணக்கில் வசூலிப்பதில்லை. நம் உதாரணக் குடும்பம் ஜூனில் 60,000, அக்டோபரில் 30,000, ஜனவரியில் 30,000 என்று கட்டுகிறது. ஜூன் மாதக் கட்டணம் கைக்கு வரும் முழுச் சம்பளத்துக்குச் சமம். அந்த மாதம் வாடகையும் இருக்கிறது, சாப்பாடும் இருக்கிறது. சதவீதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஜூன் மாதம் நகை பேங்குக்குப் போவது இதனால்தான்.

நகைக்கடன் சொல்லும் கணக்கு

அந்த 60,000க்கு நகையை வைத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். வருடம் 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து மொத்தமாக மீட்டால் வட்டி 3,600. பெரிய தொகை இல்லை என்று தோன்றும்.

ஆனால் அசலை எப்படி அடைக்கிறார்கள்? மாதம் 10,000 எடுத்துவைத்தால்தான் ஆறு மாதத்தில் 60,000 சேரும். வருடக் கட்டணமான 1,20,000ஐப் பன்னிரண்டால் வகுத்தாலும் அதே 10,000தான் வருகிறது. அதாவது நகை வைக்கும் குடும்பமும் மாதம் 10,000 எடுத்துவைக்கத்தான் செய்கிறது. கட்டணத்துக்கு முன்னால் வைப்பதற்குப் பதில் பின்னால் வைக்கிறது. இடையில் அக்டோபரும் ஜனவரியும் வந்துவிடுவதால் அந்த 30,000 களுக்கு வேறு எங்காவது கை நீட்ட வேண்டியிருக்கிறது. நகை ஆறு மாதத்தில் திரும்பாமல் ஒரு வருடம் ஆவதும், அடுத்த ஜூனில் புதுப்பிப்பதும் இப்படித்தான்.

ஆகவே கேள்வி "எவ்வளவு சேமிப்பது" என்பதைவிட "எப்போது எடுத்துவைப்பது" என்பதில்தான் இருக்கிறது. இதற்கு விடை சொல்லும் முறை பூஜ்ஜிய பட்ஜெட்.

பூஜ்ஜிய முறையில் அதே 60,000

சம்பளம் வந்த அன்றே பணத்தை நான்கு இடமாகப் பிரிப்போம்.

முதல் இடம், வீடு. வாடகையும் பராமரிப்பும் 16,500.

இரண்டாவது, மாத ஓட்டம். மளிகை, கரண்ட், கேஸ், போன், பெட்ரோல், மருந்து, மொத்தம் 19,000. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதை மறக்காதீர்கள். பில் வராத மாதமும் பாதித் தொகையை ஒதுக்க வேண்டும். அந்த மாதம் மிச்சம் போலத் தெரியும் பணம் மிச்சம் இல்லை.

மூன்றாவது, வருடக் கணக்கு. பள்ளிக் கட்டணம் 10,000, வேன் 2,000, காப்பீடு 2,500. இதோடு தீபாவளி, பொங்கல், மொய், வண்டி சர்வீஸ் ஆகியவற்றுக்கு வருடம் 36,000 என்று வைத்து மாதம் 3,000. மொத்தம் 17,500.

மூன்றும் சேர்ந்து 53,000. மீதி 7,000.

நான்காவது இடம் இந்த 7,000. சேமிப்புக்கு 3,000. ஹோட்டல், சினிமா, வெளியே போவது, கைச்செலவு எல்லாம் சேர்த்து 3,000. எதிர்பாராததற்கு 1,000. இப்போது பூஜ்ஜியம்.

பி.எஃப். 4,000ஐச் சேர்த்தால் சேமிப்பு 7,000. அது 64,000இல் 11 சதவீதம். இருபது இல்லை. ஆனால் இது ஜூனில் கடனாகத் திரும்பிப் போகாத 11 சதவீதம். காகிதத்தில் இருபது சதவீதம் சேமித்துவிட்டு ஜூனில் நகை வைப்பதைவிட இது மேல்.

மூன்றாவது இடத்தைப் பாருங்கள். நம் சங்கத்தில் கார்பஸ் ஃபண்டு வைத்திருக்கிறோம். லிஃப்ட் மாற்ற, பெயிண்ட் அடிக்க, தண்ணீர்த் தொட்டி சரிசெய்ய. செலவு எந்த வருடம் வரும் என்று தெரியாவிட்டாலும் மாதாமாதம் எடுத்துவைக்கிறோம். பள்ளிக் கட்டணமோ எந்த மாதம் வரும், எவ்வளவு வரும் என்பது வரை தெரிந்த செலவு. சங்கத்துக்குச் செய்வதை வீட்டுக்கும் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பூஜ்ஜிய முறையை எடுத்துக்கொண்டு இந்த வருடக் கணக்கை மட்டும் விட்டுவிட்டால், ஜூனில் அதுவும் ஐம்பது–முப்பது–இருபது போலவே உடையும்.

வருடக் கணக்கு சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது

இந்தப் பணத்துக்குத் தனி சேமிப்புக் கணக்கு வேண்டும். ஏ.டி.எம். கார்டை வீட்டில் வைத்துவிடுங்கள். ஜிபே, போன்பே எதிலும் அந்தக் கணக்கை இணைக்க வேண்டாம். பெட்டிக் கடையில் ஸ்கேன் செய்யும் பணமும் பள்ளிப் பணமும் ஒரே கணக்கில் இருந்தால் கலந்துவிடும்.

தபால் நிலைய ஆர்.டி.யில் போடலாமா என்று கேட்பார்கள். அது ஐந்து வருடத் திட்டம், மூன்று வருடம் ஆகாமல் முடிக்க முடியாது. ஜூன், அக்டோபர், ஜனவரி என்று எடுக்க வேண்டிய பணத்துக்கு அது ஒத்துவராது. சீட்டும் அப்படித்தான். நமக்குத் தேவைப்படும் மாதத்தில் எடுக்க வேண்டுமென்றால் தள்ளி எடுக்க வேண்டும், கழிவு போய்விடும். நீண்ட காலச் சேமிப்புக்கு என்று ஒதுக்கிய அந்த 3,000ஐ ஆர்.டி.யில் தாராளமாகப் போடுங்கள்.

பள்ளிக் கட்டணத்துக்கு மட்டும், இந்த ஜூலையில் பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பித்து மாதம் 10,000 போட்டால், ஒவ்வொரு மாதமும் கட்டணம் கட்டியபின் இருக்க வேண்டிய இருப்பு இது:

ஜூலை 10,000
ஆகஸ்ட் 20,000
செப்டம்பர் 30,000
அக்டோபர் 10,000 (30,000 கட்டியபின்)
நவம்பர் 20,000
டிசம்பர் 30,000
ஜனவரி 10,000 (30,000 கட்டியபின்)
பிப்ரவரி 20,000
மார்ச் 30,000
ஏப்ரல் 40,000
மே 50,000
ஜூன் 0 (60,000 கட்டியபின்)

இதை எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். பாஸ்புக்கில் இருப்பது இந்த எண்ணைவிடக் குறைந்தால், எங்கோ ஒரு செலவு இங்கே கை வைத்திருக்கிறது என்று அர்த்தம். ஜூன் வரை காத்திருக்காமல் செப்டம்பரிலேயே தெரிந்துவிடும்.

ஆரம்பிக்கும் மாதம் முக்கியம். ஜூலையில் ஆரம்பிப்பவருக்கு மாதம் 10,000 போதும். அக்டோபர் கட்டணத்தை எப்படியோ கட்டிவிட்டு நவம்பரில் ஆரம்பித்தால், ஜூனுக்குள் 90,000 வேண்டும். கையில் இருப்பது எட்டு மாதச் சம்பளம். மாதம் 11,250 போட வேண்டும். ஜனவரி கட்டணமும் முடிந்து பிப்ரவரியில் ஆரம்பித்தால் ஐந்து மாதத்தில் 60,000, அதாவது மாதம் 12,000. முதல் வருடம் மட்டும்தான் இந்தக் கூடுதல். அதற்கு அடுத்த ஜூலையிலிருந்து 10,000க்கு இறங்கிவிடும். பலர் வருடக் கட்டணத்தைப் பன்னிரண்டால் வகுத்து, நடு வருடத்தில் ஆரம்பித்து, ஜூனில் குறைகிறதே என்று இந்த முறையையே விட்டுவிடுகிறார்கள். எத்தனை மாதம் மீதி இருக்கிறதோ அதால் வகுக்க வேண்டும்.

உங்கள் பள்ளி மே மாதமே கேட்டால் அட்டவணையில் 10,000 குறையும். தீபாவளி போனஸ் வந்தால் முதல் 10,000ஐ இங்கே போட்டுவிடுங்கள்.

பூஜ்ஜிய முறையில் என்னென்ன தவறும்

இந்த முறைக்கும் பலவீனம் உண்டு. முதலாவது, இது உழைப்புக் கேட்கும். நாற்பது தலைப்பு போட்டு ஒவ்வொரு காபியையும் எழுதினால் இரண்டாவது மாதமே நோட்டு மூடிவிடும். எட்டிலிருந்து பத்து தலைப்பு போதும். மாத ஓட்டத்தை ஒரே கணக்கில் வைத்து வாரம் ஒருமுறை இருப்பைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, "இதர செலவு" என்ற தலைப்பு. அது சத்தமில்லாமல் பெருக்கும். நம் உதாரணத்தில் எதிர்பாராததற்கு 1,000 வைத்தோம். இரண்டு மாதம் தொடர்ந்து அது 3,000 ஆனால், உள்ளே பெயர் வைக்காத ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. டியூஷனாக இருக்கலாம், ஊரில் இருக்கும் பெற்றோரின் மருந்தாக இருக்கலாம். அதை வெளியே எடுத்துத் தலைப்புக் கொடுங்கள்.

மூன்றாவது, ஒரே தலைப்பில் மூன்று மாதம் தொடர்ந்து மீறினால் வீட்டில் யாரையும் திட்டாதீர்கள். எண்தான் தவறு. மளிகைக்கு 12,000 என்று எழுதி மூன்று மாதமும் 13,500 ஆகிறதென்றால் உங்கள் வீட்டு மளிகை 13,500. அதை எழுதிவிட்டு அந்த 1,500 எங்கிருந்து வரும் என்று சேர்ந்து முடிவுசெய்யுங்கள். சூழ்நிலையும் எண்ணை மாற்றும். 2022 கடைசியில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது நாம் எல்லோரும் பைபாஸ் பாலம் வழியாகச் சுற்றித்தானே சத்திரம் போனோம்? அந்த மாதங்களில் பழைய பெட்ரோல் எண்ணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் கணக்கு தேறியிருக்காது.

அப்படியானால் ஐம்பது–முப்பது–இருபது வேண்டாமா?

வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் போல அதை வைத்துக்கொள்ளுங்கள். அவசியச் செலவு 78 என்று அது காட்டியதே, அது ஒரு உண்மையைச் சொல்கிறது. சினிமாவைக் குறைத்து இதை ஐம்பதுக்குக் கொண்டுவர முடியாது. விருப்பச் செலவு மொத்தமும் 3,000தான். எண்ணை நகர்த்தக்கூடியவை வீடும் பள்ளியும் மட்டுமே. அந்த இரண்டையும் மாதாமாதம் மாற்ற முடியாது. ஒன்றை வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மாற்றலாம், இன்னொன்றைக் கல்வியாண்டு தொடங்குமுன் மாற்றலாம்.

அங்கேதான் பூஜ்ஜிய பட்ஜெட்டின் முதல் பொருள் உதவுகிறது. வருடம் ஒருமுறை, மார்ச்சில் உட்கார்ந்து, இந்த வாடகையும் இந்தப் பள்ளியும் பூஜ்ஜியத்திலிருந்து தங்களை நியாயப்படுத்தட்டும். ஆனால் இரண்டையும் ஒரே எண்ணாகப் பாருங்கள், பிரிக்காதீர்கள்.

ஒரு உதாரணம். 15,000 வாடகையை விட்டுவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளி 12,000க்கு வீடு பார்க்கிறோம். மாதம் 3,000 மிச்சம் என்று தோன்றும். பள்ளி மாறவில்லை என்றால் வேன் செலவு 2,000இலிருந்து 3,500 ஆகிறது. பெட்ரோல் 1,000 கூடுகிறது. உண்மையான மிச்சம் 500. லாரி, பேக்கிங், பெயிண்டிங் பிடித்தம் என்று வீடு மாற 15,000 ஆனால், அதை எடுக்க முப்பது மாதம். இந்த மாற்றம் தேவையில்லை என்று கணக்கே சொல்லிவிட்டது. பிள்ளைகள் நடந்தோ சைக்கிளிலோ போகும் தூரத்தில் அதே வாடகைக்கு வீடு கிடைத்தால் வேன் செலவு 2,000 முழுவதும் மிஞ்சும். அது பேசத்தக்க மாற்றம்.

வருகிற வருடத்தின் உயர்வையும் அதே மார்ச்சில் பார்த்துவிடலாம். வாடகை 5 சதவீதம் கூடினால் 750. பள்ளிக் கட்டணம் 10 சதவீதம் கூடினால் மாதம் 1,000. இரண்டும் சேர்ந்து 1,750. கைக்கு வரும் சம்பளம் ஏறக்குறைய 3 சதவீதம் உயர்ந்தால் இந்த இரண்டுக்கு மட்டும் சரியாகப் போகும். இன்கிரிமெண்ட் வந்த சந்தோஷத்தில் வண்டிக்கு இ.எம்.ஐ. போடும் முன் இந்த எண்ணைப் பாருங்கள். பள்ளியில் ரசீதைத் தலைப்பு வாரியாகக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 2009இல் சட்டம் வந்து, கட்டண நிர்ணயக் குழுவும் இருக்கிறது. உங்கள் பள்ளிக்குக் குழு நிர்ணயித்த தொகை தெரிந்தால் அடுத்த வருடத்துக்கான ஒதுக்கீட்டை ஊகத்தில் போட வேண்டியதில்லை. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு இரண்டு பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸ் வரம்புக்குள் கழிவாகும். வேன் கட்டணமும் நன்கொடையும் ஆகாது. அதற்கும் தலைப்பு வாரி ரசீதுதான் வேண்டும்.

இரண்டு கேள்விகள்

பென்ஷனில் இருப்பவர்களுக்கு இது வேண்டுமா என்று முன்வரிசையிலிருந்து ஒரு மாமி கேட்டார். சொந்த வீடு, பிள்ளைகள் படித்து முடித்தாகிவிட்டது என்றால் ஐம்பது–முப்பது–இருபது உங்களுக்கு நன்றாகவே பொருந்தும். நோட்டு வைத்து எழுத வேண்டிய அவசியமில்லை. மருத்துவச் செலவுக்கு மட்டும் ஒரு வருடக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சொத்து வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறதே, அதையும் அதிலேயே சேர்த்துவிடலாம். முதல் வேலையில் சேர்ந்து, தனியாக அறை எடுத்துத் தங்கும் பையனுக்கும் பெண்ணுக்கும்கூட அந்த விதி நல்ல தொடக்கம்.

சம்பளம் இல்லை, கடை வருமானம், மாதத்துக்கு மாதம் மாறும் என்று இன்னொருவர் கேட்டார். அவர்கள் இந்த மாதம் வரப்போகும் பணத்தைப் பிரிக்கக் கூடாது. போன மாதம் வந்த பணத்தை இந்த மாதத்துக்குப் பிரிக்க வேண்டும். வரிசையும் முக்கியம். முதலில் வாடகை, அடுத்து வருடக் கணக்கு, அதற்கு அடுத்துதான் மாத ஓட்டம். நல்ல வியாபார மாதத்தில் இருப்பு அட்டவணையை விட முன்னால் போய்விடுங்கள். ஆடி மாதம் அதைச் சாப்பிட்டுக்கொள்ளும்.

ஆக, வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டுகிற வீட்டுக்கு மாதாமாதம் பூஜ்ஜிய பட்ஜெட், வருடத்துக்கு ஒருமுறை ஐம்பது–முப்பது–இருபது. அடுத்த சம்பளம் வருமுன் இரண்டு காரியம் செய்யுங்கள். பிள்ளைகளின் போன வருட ரசீதுகளை எடுத்து மொத்தத் தொகையைக் கூட்டுங்கள். அடுத்த ஜூன் வரை எத்தனை சம்பளம் மீதி இருக்கிறது என்று எண்ணி, அதில் வரும் கட்டணங்களை அந்த எண்ணால் வகுங்கள். வரும் தொகைதான் முதல் தேதி தனிக் கணக்குக்குப் போக வேண்டிய பணம். கணக்குப் போட உதவி வேண்டுபவர்கள் ஞாயிறு காலை சங்க அலுவலகத்துக்கு ரசீதுகளோடு வாருங்கள், சேர்ந்து போடலாம்.